சட்டை மாறவில்லை, முகம் மாறிவிட்டது

துணிக்கடை ஒன்றின் விளம்பரப் படங்களைத் திருத்திக்கொடுப்பது என் வேலை. கருநீல முழுக்கைச் சட்டை அணிந்த மாடலின் படத்தில், அதே சட்டையைச் சந்தன நிறமாக்க வேண்டும். மாடலின் எழுத்துபூர்வ அனுமதி இருந்தது. அது இல்லாமல் யாருடைய உடையையும் நான் மாற்றுவதில்லை.

உதவியாளர், எழுத்துக் குறிப்பைக் கொண்டு படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் `Denoising strength` மதிப்பை 0.35 என்று வைத்திருந்தார். சட்டை நீலமாகவே வந்தது. உடனே குறிப்பில் `(sandal color shirt:1.7)` என்று அழுத்தம் கூட்டினார். நீலம் போகவில்லை, துணியில் திட்டுகள் விழுந்தன, பின்சுவர் மஞ்சள் பூத்தது. பிறகு 0.9 வரை ஏற்றினார். சட்டை மாறியது, முகமும் வேறொருவருடையதாகிவிட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. `Denoising strength` மதிப்பு, மூலப் படத்தின் மேல் எவ்வளவு இரைச்சல் தூவப்படுகிறது என்பதைச் சொல்கிறது. பெரிய நிறப்பரப்பும் உருவ அமைப்பும் இரைச்சல் மிகுந்த தொடக்கக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகின்றன. நூலிழை போன்ற நுணுக்கங்கள் கடைசியில்தான் வருகின்றன. 0.35 என்றால் தொடக்கக் கட்டத்தைத் தாண்டிய பிறகே வேலை ஆரம்பிக்கிறது. நீலம் அதற்குள் உறுதியாகிவிட்டதால், சொல்லுக்கு எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் அதைப் பெயர்க்க முடியாது. அழுத்தம் சொல்லின் பிடியைத்தான் கூட்டும், இரைச்சலைக் கூட்டாது. அந்தப் பிடியும் சட்டையோடு நிற்பதில்லை, படம் முழுக்கக் கசியும். சுவர் மஞ்சளானது அப்படித்தான்.

அதனால் நான் முதலில், குறித்த பகுதியை மட்டும் மாற்றும் `Inpaint` பக்கத்துக்குப் போய், சட்டையை மட்டும் முகமூடியிட்டேன். எந்த இரைச்சல் தூவப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் `Seed` எண்ணை நிலையாக வைத்தேன். அது மாறிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்றே தெரியாது. அழுத்தத்தை எடுத்துவிட்டு 0.3, 0.5, 0.7, 0.9 என்று நான்கு படங்கள் எடுத்தேன். 0.5-இல் சாம்பல் கலந்த நீலம். 0.7-இல் சந்தனம் எட்டிப்பார்த்தது. 0.9-இல் நிறம் அருமை, ஆனால் காலர் காணாமல் போனது, கை மடிப்பும் இடம் மாறிவிட்டது. இப்படி வரிசையாகப் பார்த்தால் நோய் எதுவென்று தெரிந்துவிடும். 0.9-இலும் நிறம் மாறவில்லை என்றால் முகமூடியிலோ குறிப்பிலோ கோளாறு. மாறி, வடிவம் குலைந்தால் மதிப்பு அதிகம்.

0.7-இல் நின்று `(sandal color shirt:1.2)` என்று எழுதியதும் நிறம் தெளிந்தது. 1.3-க்கு மேல் நான் போவதில்லை, துணி பிளாஸ்டிக் போலாகிவிடும்.

இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. படத் திருத்த மென்பொருளில் சட்டையின் மேல் சந்தன நிறத்தைத் தோராயமாகப் பூசி, மடிப்பு நிழல்களை விட்டுவைத்து, அந்தப் படத்தையே உள்ளே கொடுத்தேன். நிறம் ஏற்கெனவே அங்கே இருப்பதால் 0.5 போதுமானது. காலர் தப்பியது, பொத்தான்கள்கூட அசையவில்லை. மணிக்கட்டு ஓரத்தில் மட்டும் நீலக் கீற்று ஒன்று நின்றது. முகமூடியைச் சில பிக்சல் வெளியே நீட்டியதும் அதுவும் மறைந்தது.