ரீகன்சிலியேஷன்: இணையச் சந்தைப் பணமும் விற்பனைக் கணக்கும்

ஒரே வியாபாரத்தை இருவர் தனித்தனியே எழுதி வைத்திருக்கும்போது, அவ்விரு கணக்குகளையும் எதிரெதிரே வைத்து, இடையில் நிற்கும் வித்தியாசம் எதனால் வந்தது என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் காட்டுவதே ரீகன்சிலியேஷன். இணையச் சந்தையில் பொருள் விற்பவருக்கு அந்த இரு கணக்குகளில் ஒன்று அவருடைய விற்பனைப் பில்கள். மற்றொன்று விற்பனையையும் பிடித்தங்களையும் காட்டிச் சந்தை நிறுவனம் அனுப்பும் செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டும் அதன்படி வங்கியில் வந்து விழும் தொகையும்.

மீண்டும் இணக்கமாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிணங்கிய மனிதரைச் சேர்த்துவைப்பதற்கு வழங்கியது பிறகு கணக்கேட்டுக்கும் ஆயிற்று. தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூல் வங்கிக் கணக்கைப் பற்றிய பாடத்தில் ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்’ என்று எழுதுகிறது. ‘சரிக்கட்டுதல்’ நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் பேச்சு வழக்கில் ஆளைச் சரிக்கட்டுவது என்றால் எதையாவது கொடுத்து வாயை அடைப்பது. கணக்கிலும் அதே வேலை நடக்கிறது, விளங்காத வித்தியாசத்தை ‘இதர செலவு’ என்ற தலைப்பில் போட்டு முடித்துவிடுகிறார்கள். சென்னைக் கடைகளில் பெரிதும் புழங்கும் ‘டேலி ஆகிறதா’ என்ற கேள்வியும் போதாது. டேலி என்பது கோடு வெட்டிய எண்ணிக்கைக் குச்சியிலிருந்து வந்த சொல். இரு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. இணையச் சந்தையில் விற்பனைத் தொகையும் வங்கி வரவும் ஒருபோதும் ஒரே எண்ணாக இருக்கப்போவதில்லை. ஆகவே ‘ஒப்பிட்டு நேர்செய்தல்’ என்று எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து: ஒப்பிடுவது முதலில், நேர்செய்வது அதன் பிறகு.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். சௌகார்பேட்டையில் மொத்தமாக எடுத்த பருத்திச் சேலைகளை ஒரு சில்லறை வியாபாரி இணையத்தில் 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட ரூ.1,050-க்கு விற்கிறார் என்று கொள்வோம். சேலையின் வரியில்லா விலை ரூ.1,000, வரி ரூ.50. ஒரு செட்டில்மெண்டில் 20 சேலைகள் விற்றதாகவும் 3 திரும்பியதாகவும் வருகிறது. விற்பனை ரூ.21,000, திரும்பியது போக ரூ.17,850. கமிஷன் விலையில் 10 சதவீதம் என்றும், திரும்பிய பொருளுக்கு அது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால் ரூ.1,785 ஆகிறது. அனுப்பும் கட்டணம் சேலைக்கு ரூ.70 வீதம் ரூ.1,400, இது பொருள் திரும்பினாலும் கிடைக்காது. திருப்பிக் கொண்டுவந்த கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து ரூ.300. இந்தக் கட்டணங்கள் மொத்தம் ரூ.3,485, அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.627.30.

இதற்கு மேலும் இரண்டு பிடித்தங்கள் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, திரும்பியது போக மிஞ்சும் வரியில்லா மதிப்பில் சந்தை நிறுவனம் டிசிஎஸ் என்ற பெயரில் வரியை முன்கூட்டியே பிடிக்கிறது. 1 சதவீதமாக இருந்த விகிதம் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். ரூ.17,000-க்கு அது ரூ.85. வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ், திரும்பியதைக் கழிக்காத விற்பனையின் மொத்தத் தொகையின் மீது. அதுவும் 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. வரியைப் பில்லில் தனியே காட்டியிருப்பதால் ரூ.20,000-க்கு ரூ.20. எல்லாம் கழித்து வங்கியில் வருவது ரூ.13,632.70.

இந்த ரூ.13,632.70-ஐ ‘விற்பனை’ என்று ஏட்டில் எழுதுவதுதான் சிறு வியாபாரிகளின் ஏடுகளில் பொதுவாகக் காணும் தவறு. அப்படி எழுதினால் விற்பனை குறைகிறது, கமிஷன் செலவு காணாமல் போகிறது, திரும்பப் பெற வேண்டிய வரிப் பணமும் அதனோடு போய்விடுகிறது. விற்பனை என்பது ரூ.17,000. வாங்குபவரிடமிருந்து வசூலித்த ரூ.850 அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன், வருமானம் அன்று. ரூ.3,485 செலவு. ரூ.627.30 செலவன்று, சந்தை நிறுவனத்தின் பில் ஜிஎஸ்டி தளம் தரும் GSTR-2B பட்டியலில் தெரிந்தால் அது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாகிறது. டிசிஎஸ் ரூ.85-ம் அப்படியே நமக்கு வர வேண்டியதுதான், ஆனால் தானாக வராது: நிறுவனம் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் GSTR-8 என்ற டிசிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு, ஜிஎஸ்டி தளத்தில் வியாபாரி அதை ஏற்றுக்கொண்டால்தான் அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டில் சேரும். ரூ.20 டிடிஎஸ் வருமான வரிக் கணக்கில் கழியும். வங்கி வரவு, கட்டணங்கள், அவற்றின் ஜிஎஸ்டி, டிசிஎஸ், டிடிஎஸ் ஆகிய ஐந்தையும் கூட்டினால் ரூ.17,850 வர வேண்டும், வருகிறது.

ஆனால் மொத்தம் கூடிவிட்டது என்று ஏட்டை மூடிவிட முடியாது. திரும்பிய மூன்று சேலைகளில் ஒன்று சென்ற மாதம் விற்றதாக இருக்கலாம். அதன் விற்பனைப் பதிவு முந்தைய ரிப்போர்ட்டில் இருக்க, இந்த ரிப்போர்ட்டில் மைனஸ் பதிவு மட்டும் நிற்கும். ஆகவே தேதியை வைத்துப் பொருத்தாமல் ஆர்டர் எண்ணை வைத்தே பொருத்த வேண்டும். அதற்கு ‘இணையச் சந்தையிடமிருந்து வர வேண்டியது’ என்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து, பில் போடும்போது முழு ரூ.1,050-ஐயும் அதில் பற்று எழுதி, செட்டில்மெண்ட் வரும்போது பணத்தையும் பிடித்தங்களையும் ஆர்டர் வாரியாக வரவு எழுதலாம். பொருள் திரும்பினால் வரவுக் குறிப்பு போட்டு, திரும்பிய மாதத்தின் ஜிஎஸ்டி கணக்கிலேயே குறைக்கலாம். மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் மீதி நிற்பவை இன்னும் பணம் வராத ஆர்டர்கள் மட்டுமாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் பழைய ஆர்டர் ஒன்று அங்கே நின்றால், பொருள் திரும்பி வருவதற்குள் தொலைந்திருக்கலாம், அல்லது வாடிக்கையாளர் வாங்காமலே திரும்பியதை நாம் குறிக்காமல் விட்டிருக்கலாம்.

இன்னொரு வித்தியாசம் அனுப்பும் கட்டணத்தில் ஒளிந்திருக்கும், மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. கூரியர் எடையை உண்மை எடையாலும் கன அளவு எடையாலும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவது வழக்கம். 30, 25, 8 சென்டிமீட்டர் பெட்டியின் கன அளவு 6,000. வழக்கமான 5,000 என்ற வகுஎண்ணால் வகுத்தால் 1.2 கிலோ. உள்ளே இருக்கும் சேலை அரைக் கிலோவாக இருந்தாலும் கட்டணம் 1.2 கிலோவுக்குத்தான். ரிப்போர்ட்டில் ஒரே சேலைக்கு ஓர் ஆர்டரில் ரூ.70-ம் அடுத்ததில் ரூ.110-ம் காணப்பட்டால், பெட்டி மாறியதா, இல்லை தூரம் மாறியதா, அதுவும் இல்லையென்றால் கூரியர் தவறாக அளந்ததா என்று அந்த வரிசையில் பார்க்க வேண்டும். தவறான அளவு என்றால், அளவுகோல் வைத்து எடுத்த பெட்டியின் படத்தோடு, சந்தை நிறுவனம் குறித்திருக்கும் நாட்களுக்குள் முறையிட்டால் பணம் அடுத்த செட்டில்மெண்டில் தனிப் பதிவாகத் திரும்பும். அந்தப் பதிவுக்கும் பழைய ஆர்டர் எண்ணே இருக்கும் என்பதால், அதை இந்த மாத வருமானமாக எழுதாமல் அந்த ஆர்டரின் அனுப்பும் செலவிலேயே கழித்து எழுத வேண்டும். கட்டணத்தோடு திரும்பும் ஜிஎஸ்டிக்கு நிறுவனம் வரவுக் குறிப்பு தருவதால், முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.