பழைய லேப்டாப் சார்ஜரை டைப்-சி ஆக்கும் அடாப்டர்: போனில் செருகாதீர்கள்

இந்த வாரமும் ஒரு போன் வந்தது. சார்ஜிங் போர்ட்டைச் சுற்றி லேசாகக் கருகிய வாசனை, பேட்டரி நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை. கொண்டுவந்த கல்லூரி மாணவரிடம் எந்தச் சார்ஜரில் போட்டீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. ஒரு முனையில் பழைய லேப்டாப் சார்ஜரின் உருண்டைப் பின் நுழையும் துளை, மறுமுனையில் டைப்-சி பிளக். இதே சாமானால் செத்த போன்களையும் இயர்பட்ஸ் பெட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்ட எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இதை ஏன் வாங்குகிறார்கள் என்பது புரிகிறது. பழைய லேப்டாப் போய்விட்டது, ஆனால் அதன் சார்ஜர் நன்றாக இருக்கிறது. புது லேப்டாப்பில் உருண்டைத் துளை இல்லை, டைப்-சி மட்டும்தான். நல்ல சார்ஜரை ஏன் வீணாக்க வேண்டும் என்று இந்த இணைப்பானை வாங்கி நடுவில் மாட்டுகிறார்கள். இந்த மாணவரும் அப்படித்தான். சார்ஜரின் லேபிளில் அவுட்புட் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தது, அதாவது 65 வாட். புது லேப்டாப் அதில் சில வாரங்கள் ஒழுங்காக ஏறியது. அப்புறம் ஒருநாள் அவசரத்தில், மேசையில் நீட்டிக்கொண்டிருந்த அதே பின்னில் தன் போனைச் செருகிவிட்டார். "டைப்-சி தானே அண்ணா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வடிவம் ஒன்று என்றால் பயமில்லாமல் செருகலாம் என்ற நம்பிக்கையில்தான் டைப்-சி உலகமே ஓடுகிறது. அந்த நம்பிக்கையை உடைக்கும் சாமானை விற்பவர்கள்தான் குற்றவாளிகள்.

போனைத் திறந்து, போர்ட்டிலிருந்து உள்ளே வரும் மின்வழியை மீட்டரில் பார்த்தால் நேராக கிரவுண்டோடு ஷார்ட். பவர் சப்ளையிலிருந்து 1 வோல்ட் மட்டும் கொடுத்து எது சூடாகிறது என்று பார்த்தேன். போர்ட்டுக்கு அருகில் இருக்கும் பாதுகாப்பு டயோடு. அது கண நேரம் வந்து போகும் மின் எழுச்சியை விழுங்குவதற்காக வைத்தது. நிற்காமல் வரும் 19 வோல்ட்டை அதனால் விழுங்க முடியாது. வெந்து ஷார்ட் ஆகிவிடும். அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. ஆனால் சார்ஜ் ஏறவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் இருந்த ஓவர்வோல்டேஜ் ஐசி, அதற்கும் பின்னால் இருந்த சார்ஜிங் ஐசி இரண்டும் போயிருந்தன. சில போன்களில் அந்த ஓவர்வோல்டேஜ் ஐசி இருபது வோல்ட்டுக்கு மேலும் தாங்கும், அப்படிப்பட்டவை பிழைக்கின்றன. உங்கள் போன் அந்த ரகமா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மலிவான இயர்பட்ஸ் பெட்டி, கையடக்க விசிறி போன்றவற்றில் இந்த அடுக்குகள் எதுவுமே பெரும்பாலும் இருக்காது. மலிவுச் சாமான்களில் நிறையப் பயன்படும் டிபி4056 சார்ஜிங் ஐசிக்கு உச்ச வரம்பே 8 வோல்ட்தான். அந்த ஐசி ஷார்ட் ஆகிப் போனால், பின்னால் இருக்கும் லித்தியம் செல்லுக்கு நேராக 19 வோல்ட் போகிறது. இங்கே நான் பயப்படுவது பொருள் வீணாவதற்கு அல்ல, தீக்கு.

இப்போது கடையில் தினமும் கேட்கும் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "போன் தனக்கு வேண்டியதை மட்டும்தானே எடுத்துக்கொள்ளும்?" இது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. வேண்டிய அளவு எடுத்துக்கொள்வது ஆம்பியரை. வோல்ட்டை யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அது வந்து விழுகிறது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் லைனில் 9 வாட் பல்பும் இருக்கிறது, 1000 வாட் அயர்ன் பாக்ஸும் இருக்கிறது. இரண்டும் தமக்கு வேண்டிய கரண்டை மட்டும் இழுக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. அதே தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட்டை ஒட்டி வந்தால் என்ன ஆகிறது? பல்பு, டிவி, ஃபிரிட்ஜ் என்று வரிசையாகப் போகிறது. "வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்" என்று அப்போது டிவியிடம் சொல்லிப் பயனில்லை. அதனால், 5 வோல்ட் கேட்கும் பொருளுக்கு 5 வோல்ட் 10 ஆம்பியர் சார்ஜர் போட்டால் ஆபத்தில்லை. 19 வோல்ட் அரை ஆம்பியர் போட்டால் ஆபத்து. லேபிளில் ஆம்பியரைப் பார்த்துப் பயந்து வோல்ட்டைப் பார்க்காமல் விடுகிறார்கள். பார்க்க வேண்டியது நேர்மாறாக.

"அப்படியென்றால் 20 வோல்ட் கொடுக்கும் டைப்-சி சார்ஜரில் என் போன் ஒழுங்காக ஏறுகிறதே?" இதுவும் வரும். நல்ல டைப்-சி சார்ஜர் சும்மா இருக்கும்போது பின்னில் மின்சாரமே விடாது. நீங்கள் போனைச் செருகியதும், போனுக்குள் சிசி என்ற பின்னில் இருக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சார்ஜர் உணர்கிறது. அதன் பிறகே 5 வோல்ட்டைத் திறக்கிறது. அப்புறம் இரண்டும் அந்தச் சிசி கம்பி வழியாகப் பேசுகின்றன. என்னிடம் 5, 9, 15, 20 இருக்கிறது என்று சார்ஜர் சொல்கிறது, எனக்கு 9 போதும் என்று போன் கேட்கிறது, 9 வருகிறது. பிளக்கைப் பிடுங்கியதும் மறுபடியும் பூஜ்யம். இதுதான் பவர் டெலிவரி. மலிவு அடாப்டரில் இந்தக் கதவு கிடையாது. உருண்டைப் பின்னில் வரும் 19 வோல்ட் அப்படியே கம்பி வழியாக டைப்-சி முனையில் எந்நேரமும் நிற்கிறது.

லேப்டாப் மட்டும் ஏன் சாகவில்லை? அதன் டைப்-சி உள்வழியே 20 வோல்ட்டுக்குக் கட்டியது. கேட்காமல் 19 வந்தாலும் அதன் பாகங்கள் தாங்குகின்றன. சில லேப்டாப் அதை ஏற்காமல் வெட்டிவிடும், சில ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளும் லேப்டாப்பை வைத்து அடாப்டர் நல்லது என்று முடிவு செய்வதில்தான் வினையே தொடங்குகிறது.

"நான் வாங்கியதில் சிப் இருக்கிறது, 100 வாட் என்று எழுதியிருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். சிப் இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதில் பல என்ன செய்கின்றன தெரியுமா? "என்னிடம் 20 வோல்ட், 5 ஆம்பியர் இருக்கிறது" என்று லேப்டாப்பிடம் சொல்கின்றன. பின்னால் மாட்டியிருக்கும் சார்ஜர் 65 வாட்டா 45 வாட்டா என்று அந்தச் சிப்புக்குத் தெரியாது. லேப்டாப் அதை நம்பி 80 வாட் இழுத்தால், 65 வாட் சார்ஜர் தாங்காமல் தன்னை அணைத்துக்கொள்ளும், உடனே மீண்டும் எழும். திரையில் சார்ஜ் அடையாளம் சில நொடிக்கு ஒருமுறை வந்து வந்து போனால் காரணம் இதுவாக இருக்கலாம். தரமில்லாத சார்ஜர் அணையாமல் சூடேறிக்கொண்டே போகும், அது இன்னும் மோசம். ஒழுங்கான இணைப்பான் என்றால் 5 வோல்ட் தயாரிக்கும் சர்க்யூட்டும், பேச்சு முடியும்வரை வழியை அடைத்து வைக்கும் சுவிட்சும் உள்ளே இருக்க வேண்டும். இந்த விலையில் நான் பிரித்துப் பார்த்தவற்றில் அதைக் கண்டதில்லை.

உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா? அந்தப் பிளக்கின் நுண்ணிய பின்களில் மீட்டர் முனையை நேராகக் குத்தாதீர்கள். பின்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான், முனை வழுக்கினால் நீங்களே ஷார்ட் செய்துவிடுவீர்கள். டைப்-சி துளையும் திருகு முனைகளும் கொண்ட சின்னச் சோதனைப் பலகை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், அதன் சிசி பின்னில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அதில் அடாப்டரைச் செருகி, வேறு எதையும் மாட்டாமல், பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். நல்ல சார்ஜரில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அந்த மாணவரின் அடாப்டரில் 19.2 காட்டியது. எதுவுமே மாட்டாதபோது இப்படி வோல்ட் நின்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். செருகும் நொடியில் பின்னில் சின்ன ஸ்பார்க் தெரிந்தாலும் அதே முடிவுதான்.

லேப்டாப்பில் மட்டும் போடுவேன், போன் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்றாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. அந்தப் பிளக்கில் மின்சாரப் பின்னுக்குப் பக்கத்திலேயே சிசி பின் இருக்கிறது. சாய்த்துப் பிடுங்கும்போதோ, உள்ளே தூசியோ ஈரமோ இருந்தாலோ 19 வோல்ட் சிசி பின்னில் ஏறிவிடலாம். அந்தப் பின்னைக் கவனிக்கும் சிப்கள் எல்லாமே அவ்வளவு வோல்ட்டைத் தாங்கக் கட்டியவை அல்ல. அது போனால் லேப்டாப்பின் அந்தப் போர்ட்டில் பிறகு நல்ல சார்ஜரும் வேலை செய்யாது.

இதற்கு எதிர்த்திசைக் கேபிளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டைப்-சி சார்ஜரிலிருந்து பழைய உருண்டைத் துளை லேப்டாப்புக்குப் போகும் கேபிள் வேறு. அதில் இருக்கும் சிப் முறையாக 20 வோல்ட் கேட்டு வாங்குகிறது, அதனால் ஆபத்து குறைவு. அங்கே வரும் தொல்லைகள் வேறு. 90 வாட் லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் போட்டால் அந்தச் சார்ஜர் அணைந்து அணைந்து எழலாம். உருண்டைப் பின்னின் நடுவே ஊசி வைத்துச் சார்ஜரை அடையாளம் பார்க்கும் லேப்டாப்களில், அடாப்டர் தெரியவில்லை என்று செய்தி வந்து பேட்டரி ஏறாமல் இருக்கும்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். புது லேப்டாப்புக்கு அதன் லேபிளில் கேட்ட வாட்டில் பவர் டெலிவரி சார்ஜர் ஒன்று வாங்குங்கள். மேலே ஆர் எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இந்த அடாப்டரை வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் எட்டும் இடத்தில் சுவிட்ச் போட்டபடி தொங்கவிடாதீர்கள். "கவனமாக இருப்பேன்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அம்மா தன் போனைச் செருகுவார்.

ஏற்கெனவே செருகிவிட்டீர்களா? சார்ஜ் ஏறுகிறதா என்று வேறு சார்ஜர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஷார்ட்டான போர்டில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் எரியும். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ அணைத்துவிட்டு, கட்டில் சோபா இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். சர்வீஸுக்குக் கொண்டு போகும்போது தயவுசெய்து அந்த அடாப்டரையும் சார்ஜரையும் கூடவே எடுத்துப் போங்கள். "சும்மா திடீரென்று போய்விட்டது" என்று சொன்னால், டயோடை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடும் மெக்கானிக் உண்டு. 19 வோல்ட் ஏறியது என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஐசிகளையும் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியை மாட்டுவார்.