ஞாயிற்றுக்கிழமை நடை செவ்வாய்க்கிழமை வரைதான்

சேலத்தில் எங்கள் பூங்கா நடைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருநாள், நடை முடிந்து சிமெண்ட் பெஞ்சுகளில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் தலைப்பைத் தேட எனக்குச் சிரமம் இருக்கவில்லை. முந்தின வாரமே ஒரு நண்பர் கேள்வியைக் கையில் கொடுத்திருந்தார்.

"நீங்க வாரம் பூரா இந்தப் பார்க்கையே சுத்தி வர்றீங்க சார். நான் ஞாயித்துக்கிழமை ஏற்காடு அடிவாரத்துல ஒன்றரை மணி நேரம் விறுவிறுன்னு ஏறி இறங்குறேன். கூட்டிப் பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் ஏன் திங்கக்கிழமை நல்லா இருக்கிற சக்கரை வெள்ளிக்கிழமையானா ஏறிடுது?"

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். வேகமாக நடப்பார், எங்களில் யாரும் அவரோடு ஈடு கொடுக்க முடியாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால், மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நாலு இட்லி சாப்பிட்டால் முப்பது, நாற்பது கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏழெட்டு டீஸ்பூன் வந்து நிற்கிறது. அதை எங்கேயாவது இறக்கியாக வேண்டும். இறக்குவதற்கு உடம்பில் உள்ள மிகப் பெரிய கிடங்கு நம் தசைகள்தான். அதிலும் தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும்.

நம்ம செவ்வாய்ப்பேட்டை மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து நிற்கிறது. கிடங்கில் இடமும் இருக்கிறது. ஆனால் ஷட்டர் கீழே இறங்கியிருக்கிறது. தசைச் செல்லின் நிலைமை இதுதான். சர்க்கரை அதன் சுவரைத் தானாகக் கடக்க முடியாது. அதற்கென்று ஒரு புரதக் கதவு வேண்டும். அந்தக் கதவின் பெயர் குளுட்-4. வேடிக்கை என்னவென்றால், ஓய்வாக இருக்கும்போது இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சுவரில் இருப்பதே இல்லை. செல்லுக்குள்ளே குட்டிக் குட்டிப் பைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் கதவையே கழற்றி உள்ளே வைத்துவிட்ட மாதிரி! சாப்பிட்டதும் இன்சுலின் வந்து வெளியே மணி அடிக்கிறது. மணிச் சத்தம் உள்ளே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. பைகள் சுவரை நோக்கி நகர்ந்து அதோடு ஒட்டிக்கொள்கின்றன. கதவு பொருத்தப்படுகிறது. சர்க்கரை உள்ளே போகிறது.

நம் வயதில் பலருக்கு இந்த மணி பழுது. இன்சுலின் அடிக்கிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை. இன்சுலின் எதிர்ப்பு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. இந்தக் கிடங்குக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. தசை சுருங்கும்போது அதற்குள் கால்சியம் பொங்குகிறது. எரிபொருள் குறைகிறது என்ற சேதியும் எழுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, இன்சுலினிடம் கேட்காமலேயே அதே கதவுகளைச் சுவருக்கு அனுப்பிவிடுகின்றன. மணி பழுதான வீட்டிலும் இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கெண்டைக்கால் தானே ஷட்டரைத் தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பாடமாக நடத்திய காலத்தில் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

நடையை நிறுத்தியதும் பின்வாசல் கதவுகள் சில மணி நேரத்தில் திரும்ப உள்ளே போய்விடும். ஆனால் போகும்போது ஒரு நன்மையை விட்டுவிட்டுப் போகின்றன. நடந்த தசையில் சேமிப்புச் சர்க்கரை குறைந்திருக்கும். காலியான கிடங்குக்குக் காது கூர்மை. இன்சுலினின் மணி அங்கே கொஞ்சம் நன்றாகக் கேட்கும். இந்தக் கூர்மை ஏறக்குறைய ஒருநாள், அதிகம் போனால் இரண்டு நாள் நிற்கும். கிடங்கு நிரம்ப நிரம்ப அது மங்கிவிடும்.

நண்பரின் வாரத்தை இப்போது பாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடை. நல்ல நடை, கிடங்கு நன்றாகவே காலியாகியிருக்கும். திங்கள் முழுக்க அதன் பலன். செவ்வாய் காலையோடு ஏறக்குறைய முடிந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாலு நாளும் அவர் நடக்காத மனிதர்தான். என் நடை மெதுவானது, அரைமணி நேரம்தான். ஆனால் நேற்றைய கூர்மை மங்குவதற்குள் இன்றைய நடை வந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கான அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரையிலும், நடக்காமல் இருப்பது தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போகக்கூடாது என்றே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏன் ஏறுகிறது என்று அவர் இனிக் கேட்க மாட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேகத்துக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. இதயத்துக்கும் மூச்சுக்கும் விறுவிறு நடை நல்லது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து குறைகிறது என்று பெரிய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நான் பேசுவது சர்க்கரைக் கணக்கை. அந்தக் கணக்கில் இடைவெளிதான் வில்லன்.

2013-இல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. அறுபதைத் தாண்டிய, சர்க்கரை வரும் வாய்ப்புள்ள பத்துப் பேரை ஒருநாள் காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடக்க வைத்தார்கள். இன்னொரு முறை, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் வீதம். இரண்டுமே 24 மணி நேரச் சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றத்தை அடக்கியது மூன்று குட்டி நடைகள்தான். மொத்தமே பத்துப் பேர். இதைச் சேலத்தில், இட்லியும் ராத்திரித் தோசையும் சாப்பிடும் நூறு பேரை வைத்துச் செய்ய எவ்வளவு செலவாகும்? கட்டடம் கட்டுவதற்குக் கிடைக்கிற பணம் இப்படிப்பட்ட எளிய கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய மனக்குறை.

எட்டு வடிவ நடையைப் பற்றியும் கேட்டார்கள். வடக்கு தெற்காகத்தான் நடக்க வேண்டும், இத்தனை சுற்றுதான் என்றெல்லாம் விதிகள். கெண்டைக்காலுக்குத் திசையும் தெரியாது, எண்ணும் தெரியாது. எட்டில் நடந்தால் தினமும் வருவேன் என்றால் எட்டிலேயே நடங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் மட்டும் அந்த வளைவுகளை விட்டுவிடுங்கள்.

பலனை நீங்களே சோதிக்கலாம். ஒருநாள் இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். மறுநாள் அதே சாப்பாடு, அதே அளவு. முடித்து கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு அதே நேரத்தில் பாருங்கள். ஒருநாள் வித்தியாசத்தை நம்ப வேண்டாம், மூன்று நான்கு முறை செய்து சேர்த்துப் பாருங்கள். இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரத்தில் திறந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் நடையை நிறுத்திக் குளுக்கோஸைச் சாப்பிட வேண்டும்.

பேசி முடித்ததும் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுக்கும்போது மட்டும் கேட்டார்: "புதன்கிழமை எத்தனை மணிக்கு சார் வருவீங்க?"