சுழலும் சக்கரம் எந்த வேகத்தில் வெடிக்கும்? தொழிற்சாலைச் சட்டத்தின் 30-வது பிரிவும் அதன் கணக்கும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 30-வது பிரிவு மிகச் சிறியது. மூன்றே உட்பிரிவுகள். சாணை பிடிக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. அந்தப் பலகையில் கல்லின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகம், தண்டு சுற்றும் வேகம், அந்த விளிம்பு வேகத்துக்குள் நிற்கத் தண்டில் இருக்க வேண்டிய கப்பியின் விட்டம் ஆகிய மூன்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதிய வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. மின்சாரத்திலோ எஞ்சினிலோ சுழலும் ஃபிளைவீல், கப்பி, தட்டு, சுழல்கலன், கூடை எதுவானாலும் அதன் பாதுகாப்பான விளிம்பு வேகம் மீறப்படாமல் இருக்கத் தக்க ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இந்தப் பிரிவு ‘விளிம்பு வேகம்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். பட்டறையில் நாம் பேசுவது ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. சட்டமோ விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று கேட்கிறது. அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அது புரிந்தால் பலகையில் உள்ள எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

ஃபிளைவீலின் கனமான விளிம்பை மட்டும் ஒரு மெல்லிய வளையமாக எடுத்துக்கொள்வோம். வேகமாகச் சுற்றும்போது அதன் ஒவ்வொரு துண்டும் நேர்கோட்டில் போய்விடத்தான் பார்க்கும். பக்கத்துத் துண்டுகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத்தான் அதை வட்டத்துக்குள் வைத்திருக்கின்றன. கவணில் கல்லைச் சுழற்றும்போது கயிறு விறைப்பது போல, இங்கே வளையமே தனக்குக் கயிறாக இருக்கிறது. வளையத்தைக் குறுக்கே பாதியாக வெட்டியதாக நினைத்துக்கொண்டு, ஒரு பாதியின் எடையையும் அதன் ஈர்ப்பு மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டால், வெட்டிய இரண்டு முனைகளிலும் தேவைப்படும் இழுவிசை கிடைக்கும்:

T = ρ A v²

இதில் ρ உலோகத்தின் அடர்த்தி, A வளையத்தின் குறுக்குப் பரப்பு, v விளிம்பு வேகம். விசையைப் பரப்பால் வகுத்தால் உலோகத்தின் மேல் விழும் இழுப்பு, அதாவது தகைவு வரும்:

σ = ρ v²

பரப்பு காணாமல் போய்விட்டது. ஆரமும் தனியாக இல்லை. விளிம்பு வேகம் ஒன்றாக இருந்தால் சின்னச் சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் ஒரே தகைவுதான். “விளிம்பைத் தடிமனாக வார்த்துவிட்டேன், இனி எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு, ஆபத்தான தவறு. இரும்பு கூடினால் தாங்கும் சக்தியும் கூடுகிறது, அதே அளவுக்கு இழுக்கும் எடையும் கூடுகிறது, ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. உலோகத்தை மாற்றாமல் வெடிக்கும் வேகத்தை உயர்த்த வழியில்லை.

அந்த வேகம் எவ்வளவு? சாதாரண ரக வார்ப்பிரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 150 நியூட்டன் வரை இழுப்பைத் தாங்கும். அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7200 கிலோ. 150 நியூட்டன் என்பது சதுர மீட்டர் கணக்கில் 15 கோடி நியூட்டன். 15 கோடியை 7200-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு 144 மீட்டர். குறையே இல்லாத வார்ப்பிரும்பு வளையம் அந்த வேகத்தில் பிளந்துவிடும்.

ஆனால் வார்ப்பிரும்பு ஃபிளைவீலுக்குப் பழைய நடைமுறை அனுமதித்த விளிம்பு வேகம் வினாடிக்கு 30 மீட்டரை ஒட்டித்தான். அந்த வேகத்தில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 6.5 நியூட்டன் மட்டுமே. 150-ஐத் தாங்கும் உலோகத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு என்று கேட்கலாம். காரணம், நிஜ ஃபிளைவீல் தனி வளையம் இல்லை. விளிம்பு விரிய முயலும்போது, அதை நடுவோடு இணைக்கும் ஆரக்கால்களான சக்கரக் கைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் இரண்டு கைகளுக்கு நடுவே விளிம்பு வெளிப்பக்கமாக வளைந்து கூடுதல் இழுப்பை வாங்குகிறது. வார்க்கும்போது தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி சீக்கிரமாகவும் ஆறுவதால், சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு தகைவு தங்கியிருக்கும். காற்றுப் பொத்தல்கள் வேறு இருக்கலாம், அவை வெளியே தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது இணைப்பு. பெரிய சக்கரத்தை இரண்டு பாதியாக வார்த்து விளிம்பில் போல்ட் போட்டு இணைத்திருந்தால், முழு வளையத்தின் பலத்தில் சிறு பங்குதான் அந்த இடத்தில் இருக்கும்.

இதை ஊகமாக விடாமல் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இருந்த கேஸ் கல்லூரியில் சார்லஸ் பெஞ்சமின் என்பவர் 1890-களின் கடைசியில் சிறிய வார்ப்பிரும்பு ஃபிளைவீல்களைச் சுழற்றி வெடிக்க வைத்தார். ஒரே வார்ப்பாக இருந்த விளிம்புகள் வினாடிக்குச் சுமார் 120 மீட்டர் வரை தாங்கின. கைகளுக்கு நடுவே போல்ட் இணைப்பு இருந்தவை ஏறத்தாழ அதில் பாதி வேகத்திலேயே சிதறின. பாதி வேகம் என்றால் பலம் பாதி என்று அர்த்தமில்லை. தகைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பலம் கால்பங்கு.

சரி, ஒரு பட்டறைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.2 மீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஃபிளைவீல். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, மோட்டார் கப்பி 300 மில்லிமீட்டர், பெல்ட் நேராக ஃபிளைவீல் மேலேயே ஓடுகிறது. வழுக்கலை விட்டுவிட்டால் ஃபிளைவீல் நிமிடத்துக்கு 360 சுற்று, அதாவது வினாடிக்கு 6 சுற்று. விளிம்பின் சுற்றளவு 3.77 மீட்டர். ஆக விளிம்பு வேகம் வினாடிக்கு 22.6 மீட்டர், தகைவு 3.7 நியூட்டன். நிம்மதியாக ஓடும்.

உற்பத்தி போதவில்லை என்று யாரோ 450 மில்லிமீட்டர் கப்பியை மாட்டுகிறார். 540 சுற்று ஆகிறது. விளிம்பு வேகம் 33.9 மீட்டர், தகைவு 8.3 நியூட்டன். வேகம் ஒன்றரை மடங்கு கூடியபோது தகைவு இரண்டேகால் மடங்கு கூடிவிட்டது, 30 மீட்டர் வரம்பும் போய்விட்டது. சக்கரம் அன்றைக்கே வெடிக்காது. காகிதக் கணக்கில் இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை இயந்திரம் ஓடி நிற்கும்போதும் கை விளிம்போடு சேரும் மூலையில் இருக்கும் நுண்ணிய வெடிப்பு கொஞ்சம் வளரும். வெடிப்பு வளரும் வேகத்துக்கு ஆர்.பி.எம். மீட்டரில் காட்டி கிடையாது. பெல்ட் அறுந்தால் ஓவர்ஸ்பீடு ஆகக்கூடிய எஞ்சின் என்றால் இன்னும் மோசம். கால்பங்கு பலமுள்ள இணைப்புடைய இதே சக்கரம் 1150 சுற்றை எட்டினால் போதும், கணக்குப்படியே பிளந்துவிடும்.

முன்பு வேகத்தைக் கூட்ட ஸ்பேனர் எடுத்துக் கப்பியைக் கழற்றினால்தான் முடியும். இப்போது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி. மாட்டிய மோட்டாரில் ஒரு பட்டனை அழுத்தி 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கிவிடலாம். வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது, தகைவு மட்டும் 44 சதவீதம் ஏறியிருக்கும். மூன்றாவது உட்பிரிவு சொல்லும் ‘தக்க ஏற்பாடு’ இங்கேதான் வேண்டும். வி.எஃப்.டி.யில் உச்ச அதிர்வெண்ணைப் பூட்டி, கடவுச்சொல்லைப் பொறுப்பாளரிடம் மட்டும் வைப்பது அப்படியோர் ஏற்பாடு.

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் இதே தவறு இன்னும் அதிகமாக நடக்கிறது. கட்டிங் வீல் வளையம் இல்லை, நடுவில் துளையுள்ள தட்டு. துளையோரத்தில் விழும் தகைவு வளையத்துக்கு வருவதில் சுமார் 80 சதவீதம், ஆனால் வர்க்க விதி மாறாது. நான்கு இன்ச் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் வீலுக்கு விளிம்பு வேகம் 58 மீட்டர். வீலின் மேல் அச்சிட்ட வரம்பு பெரும்பாலும் வினாடிக்கு 80 மீட்டர். ஆழமாக வெட்ட வேண்டும் என்று, வீலை மூடியிருக்கும் காப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டு 180 மில்லிமீட்டர் வீலைப் பூட்டினால் 104 மீட்டர். கார்டு இல்லாமல், வரம்பைத் தாண்டிய வீலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒருவர் வேலை செய்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வெடித்த துண்டுகள் தொடுகோட்டுத் திசையில், சக்கரம் சுழலும் அதே தளத்தில் பறக்கும். அதனால் ஓடும் ஃபிளைவீலுக்கு நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது, அச்சின் பக்கமாக நிற்க வேண்டும். புதுக் கல்லை மாட்டியதும் கார்டை மூடிவிட்டு, ஒதுங்கி நின்று ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிடுவது இதற்காகத்தான். பெஞ்சு கிரைண்டரின் சாணைக்கல்லை மாட்டும் முன் துளையில் விரல் விட்டுத் தூக்கிப் பிடித்து, மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், அந்தக் கல் வேண்டாம். ஃபிளைவீலில் பார்க்க வேண்டிய இடம் கை விளிம்போடு சேரும் மூலை. பெயின்டில் மயிரிழைக் கோடும் அதிலிருந்து துருக்கசிவும் தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திச் சாயம் ஊற்றிச் சோதிக்க வேண்டும்.

சட்டப் பக்கம் ஒன்று மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை ஆவதற்கு முன்பு 10 தொழிலாளர் போதும், இப்போது 20 பேர். அதற்காக 12 பேர் வேலை செய்யும் பட்டறை சட்டத்துக்கு வெளியே போய்விடவில்லை. 10 பேர் இருந்தாலே அது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம்தான், ஆபத்தில்லாத பணியிடம் தருவது முதலாளியின் கடமைதான். புதியவற்றோடு முரண்படாத பழைய விதிகளும் மாறும் காலத்தில் தொடர்கின்றன. பலகையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொழிலாளிக்கு இதில் உரிமை உண்டு. தன் பாதுகாப்பைப் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறலாம், கிடைக்காவிட்டால் ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடலாம். பழைய சட்டத்தின் 111-ஏ பிரிவிலும் இது இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முறையிட வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். முறையிடும்போது “மெஷின் வேகமாக ஓடுகிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். சக்கரத்தின் விட்டம், டேக்கோமீட்டரில் பார்த்த ஆர்.பி.எம்., மோட்டார் கப்பி, ஃபிளைவீல் கப்பி இரண்டின் விட்டம், பலகை இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதுங்கள். விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி, ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் விளிம்பு வேகம் வந்துவிடும். அந்த ஓர் எண்ணையும் சேர்த்து எழுதினால் ஆய்வாளர் வந்தவுடன் சரிபார்க்க முடியும்.