பக்கத்து மேசையில் அழுகை: அடுத்த 20 நிமிடங்களில் என்ன நடக்கிறது?

மாதத்தின் 20-ஆம் தேதி வந்தால் கணக்கு அலுவலகங்களில் எல்லோருக்கும் பதற்றம்தான். மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அப்படியொரு 20-ஆம் தேதி மாலை 6.30 மணிக்கு, எங்கள் சீனியர் 8 பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தினார். எனக்குத் தங்கை வயது அவளுக்கு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

விஷயம் இதுதான். பொருள் விற்றவர் தன் பக்கத்துக் கணக்கைத் தாக்கல் செய்யாததால் ஒரு கிளையண்டின் 3 கொள்முதல் பில்கள், விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தயாரிக்கும் 2பி அறிக்கையில் வரவில்லை. 2பி-யில் இல்லாத பில்லின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அவள் கழித்திருந்தாள். "பதினாலாம் தேதியே 2பி வந்தாச்சு. எடுத்துப் பார்க்கக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று அவர் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

அவள் பதில் சொல்லவில்லை. அரை நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். உடனே நாங்கள் நான்கு பேர் சூழ்ந்துகொண்டோம். ஒருவர் தண்ணீரை நீட்டினார். ஒருவர் "அழாதேம்மா" என்றார். தாமதமாக வந்தவர்கள் எல்லாம் "என்னாச்சு? என்ன சொன்னார்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள், ஒவ்வொரு முறையும் விம்மல் ஏறியது. 8 மணி வரை ஓயவில்லை. எங்கள் எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தின் பெரும்பகுதியை உண்டாக்கியது நாங்கள்தான் என்பது, இதைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கத்துபவருக்கும் அழுபவருக்கும் உடம்பில் தொடக்கம் ஒன்றுதான். ஆபத்து என்று மூளை முடிவுசெய்த நொடியில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு ஏறுகிறது. நிறையக் காற்று உள்ளே போவதற்காகக் குரல்வளையின் திறப்பு விரிகிறது. அந்த நேரத்தில் எச்சில் விழுங்க வேண்டுமென்றால் அதே திறப்பு மூட வேண்டும். விரியச் சொல்லும் தசையும் மூடச் சொல்லும் தசையும் இழுபறி செய்வதைத்தான் நாம் 'தொண்டை அடைக்கிறது' என்கிறோம். அந்த நிலையில் இருப்பவரிடம் "வாயைத் திறந்து பதில் சொல்லு" என்பது எவ்வளவு கடினமான காரியத்தைக் கேட்பது என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணீர் வேறு வழியில் வருகிறது. கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போவது உடம்பைத் தணிக்கும் எதிர்ப்பரிவு நரம்புகள் வழியாக. முடுக்கிவிடும் வேலையும் தணிக்கும் வேலையும் ஒரே அழுகைக்குள் நடக்கின்றன. அதனால்தான் "அழாதே" என்ற சொல்லால் அதை நிறுத்த முடிவதில்லை.

மூளையிலும் ஒரு மாற்றம் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் நிதானமாக யோசிக்கவும், வாயை அடக்கவும், நீண்ட வாக்கியத்தைப் பின்தொடரவும் உதவுகிறது. மன அழுத்தம் கட்டுப்பாட்டை மீறும்போது நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருட்கள் அளவுக்கு மேல் பெருகி இந்தப் பகுதியின் வேலையைக் குன்றச் செய்கின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் சொல்லும் அறிவுரை, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், போய்ச் சேருவதில்லை. கத்திக்கொண்டிருந்த சீனியருக்கும் இதே நிலைதான்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பெருமளவு குறைந்துவிடும். இன்னொரு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மெதுவானது, அதிர்ச்சி தொடங்கி 20 முதல் 30 நிமிடங்களில்தான் அது உச்சத்தைத் தொடும். மனநிலை திரும்பவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சோகமான படம் பார்த்து அழுதவர்களின் மனநிலையைத் தொடர்ந்து அளந்தார்கள். அழுத உடனே அது இன்னும் மோசமாகத்தான் இருந்தது. 20 நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடங்களில், படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அழுதால் மனம் லேசாகும் என்று நம் வீடுகளில் சொல்வது சரிதான், ஆனால் உடனே அல்ல.

அட்ரினலின் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்றால் எங்கள் அலுவலகத்தில் ஏன் ஒன்றரை மணி நேரம்? நடந்ததை மனதில் மறுபடி ஓட்டும்போது உடம்பு அதைப் புதிதாக நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. "என்னாச்சு?" என்று புதிதாக ஒருவர் கேட்கும்போதெல்லாம் கடிகாரத்தை நாங்கள் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

கோபத்துக்கும் இது பொருந்தும். 'உள்ளே வைக்காதே, கொட்டிவிடு' என்று சொல்வதுண்டு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் அதைச் சோதித்துப் பார்த்தார். தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகவே மிஞ்சியது. டீக்கடையில் நான்கு பேர் சேர்ந்து சீனியரைத் திட்டித் தீர்ப்பதும் கிட்டத்தட்ட இந்தப் பையைக் குத்துவதுதான்.

அதற்காகப் பேசாமலே இருக்க வேண்டும் என்றில்லை. கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் செய்த மூளைப் படமெடுப்பில், ஓர் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைவது தெரிந்தது. "கஷ்டமா இருக்கு, இல்லையா" என்று ஒரே ஒரு முறை சொல்வது இந்த வகை. கதையை முதலிலிருந்து கேட்பது இந்த வகை இல்லை.

சரி, அந்த மாலையை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். பக்கத்து மேசையில் இருந்தவள் நான். எழுந்து, அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நின்று, "வா, அப்படி நடந்துட்டு வரலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தலையாட்டினால் கூடப் போவது. வேண்டாம் என்றால் என் நாற்காலியை மறைப்பாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்ப்பது. இது சின்ன விஷயம் இல்லை. அழுதபின் மனம் தேறுவது சுற்றி இருப்பவர்களைப் பெரிதும் பொறுத்தது என்று உளவியலாளர் லாரன் பில்ஸ்மாவும் சக ஆய்வாளர்களும் கண்டார்கள்: ஆதரவு கிடைத்தவர்களுக்குத் தேறியது, வெட்கப்பட்டவர்களுக்கு அவ்வளவாகத் தேறவில்லை. எட்டு ஜோடிக் கண்களில் ஏழு ஜோடியைத் திருப்பிவிடுவதே பெரிய உதவி. தோளைத் தொடுவது நெருங்கிய தோழியாக இருந்தால் மட்டும். மற்றபடி கையை நம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது.

இதே நேரத்தில் இன்னொருவர் சீனியரிடம் போயிருக்க வேண்டும். அவரிடம் "சார், அமைதியா இருங்க" என்பது பயன்படாது. தன்னைக் குற்றம் சொல்வதாகவே அவருக்குக் கேட்கும். குரலைத் தாழ்த்தி, சிறிய வாக்கியமாக, "சார், அந்த 3 பில்லை எடுத்துட்டு 3பி-யை நான் மாத்திடறேன். 20 நிமிஷத்துல காட்டறேன்" என்றால் போதும். அவருடைய பயத்துக்கான காரணம் கையிலிருந்து இறங்குகிறது, காத்திருக்க ஓர் அளவும் கிடைக்கிறது. தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடம் வேறு எதிலாவது மனதைச் செலுத்தச் சொல்கிறார். வீட்டுச் சண்டையில் கண்டது அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உடம்பு ஒன்றுதானே.

அந்தத் திருத்தத்தை அவளுக்குக் கேட்கும்படி அறிவிக்கக் கூடாது. உளவியலாளர் நயல் போல்ஜரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினமும் குறிப்பெழுதச் சொன்னார்கள். துணைவர் உதவினார் என்று படிப்பவர் உணர்ந்த நாட்களில் அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. துணைவர் உதவியதாக எழுதியும் படிப்பவர் அதைக் கவனிக்காத நாட்களில் சோர்வு குறைந்திருந்தது. 'உன்னால் முடியவில்லை' என்ற செய்தி வெளிப்படையான உதவிக்குள் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் பார்க்க நீட்டிய தண்ணீர் டம்ளரைவிட, போகிற போக்கில் மேசை ஓரத்தில் வைத்த டம்ளர் மேல்.

20 நிமிடம் கழிந்து, மூச்சு சீராகி, அவளாக வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் முழுதாகப் பேசினால் முன்மூளை திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம்தான் "வீட்டுக்குக் கிளம்பறியா, முடிச்சுட்டுப் போறியா?" என்று கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவள் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் பேச்சும் கவனத்துக்குரியது. பணியிடத்தில் அழுதவர் 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்' என்று சொன்னபோது இருந்ததைவிட, 'இந்த வேலையில் எனக்கு அவ்வளவு அக்கறை' என்று சொன்னபோது மற்றவர்கள் அவரை அதிகத் திறமைசாலியாக மதிப்பிட்டார்கள் என்று ஆய்வாளர் எலிசபெத் உல்ஃபும் சகாக்களும் 2016-இல் காட்டினார்கள். அவர் சொல்லாவிட்டாலும், உண்மையாக இருந்தால், அதைச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது.

இவ்வளவும் ஒரு நாள் நடப்பதற்குத்தான். அதே ஆள் அதே பெண்ணிடம் மாதா மாதம் கத்தினால், மூடி மறைப்பது அவருக்குத் துணைபோவது. தேதியும் வார்த்தையும் குறித்து வைத்து மேலே கொண்டுபோக வேண்டும். கத்தலில் பாலியல் சீண்டல் கலந்திருந்தால் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம்; பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். அழுகை பல நாள் தொடர்ந்து, "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி வார்த்தை வந்தால் 20 நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. அவரைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைக்க உதவுங்கள்.

மறுநாள் காலை எங்கள் சீனியர் வந்தார். பலர் தனியறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். எல்லோர் முன்னாலும் கொடுத்த அடிக்குத் தனியறையில் மருந்து போடுவது அது. அவர் அவள் மேசைக்கு வந்தார். நாங்கள் 8 பேரும் இருந்தோம். "நேத்து நான் கத்தினது தப்பு. 2பி-யோட ஒத்துப் பார்க்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரவே இல்லை" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளோடு உட்கார்ந்து, அடுத்த கிளையண்டின் 2பி-யைத் திறந்தார்.