தமிழ்வழிச் சான்றிதழ்: பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வும் எழுதி, நேர்முகத் தேர்வு வாசல் வரை வந்தவர்கள் ஒரு சான்றிதழால் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பயிற்சி வகுப்பில் நான் அதிகம் கத்துவது பாடத்துக்காக இல்லை, இதற்காகத்தான். சமீபத்தில் இன்னொருவர் அப்படித் திரும்பினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு படித்தவர். விண்ணப்பத்தில் ‘தமிழ்வழியில் பயின்றவரா?’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ என்று போட்டிருக்கிறார். கல்லூரி முதல்வரிடம் வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தது. சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகுதான் பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்று தெரிந்து, பள்ளி பள்ளியாக ஓடினார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த அரசுப் பள்ளியில் உடனே கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் இரண்டும் படித்தது ஊரில் இருந்த ஒரு தனியார் பள்ளி. அங்கே சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அவர் பெயருக்கு நேரே பயிற்றுமொழி ஆங்கிலம் என்று இருக்கிறது. தலைமையாசிரியர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? போடக் கூடாது, போடவும் இல்லை. அந்தப் பெண் கட்-ஆஃப் எட்டியதே தமிழ்வழி ஒதுக்கீட்டில்தான். ஒதுக்கீடு போனதும் பட்டியலில் இடமும் போனது.

‘பட்டத்தைத் தமிழ்வழியில் முடித்தால் போதும்’ என்று அவருக்குச் சொன்னது ஒரு சீனியர். அந்த சீனியர் பொய் சொல்லவில்லை, பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். 2010-இல் வந்த சட்டப்படி, அந்த வேலைக்கு உரிய கல்வித் தகுதியைத் தமிழ்வழியில் பெற்றிருந்தால் 20 சதவீத ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. 2020-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தகுதியான வேலை என்றால் ஒன்று முதல் பத்து வரை. குரூப் 1 மாதிரி பட்டம் தகுதி என்றால் பள்ளி, மேல்நிலை, பட்டம் மூன்றும். இடையில் ஒரு வருடம் ஆங்கிலவழியில் படித்திருந்தாலும் கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு பேர் ‘சார், டிகிரி தமிழ்தான் சார்’ என்று வந்து நிற்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘இங்கிலீஷ் மீடியத்தில்தான் படித்தேன், ஆனால் தேர்வை எல்லாம் தமிழில் எழுதினேன்’ என்பார்கள். தேர்வு எழுதிய மொழி வேறு, பயிற்றுமொழி வேறு. வகுப்பில் பாடம் நடந்த மொழிதான் கணக்கு. ‘தமிழை ஒரு பாடமாகப் படித்தேன்’ என்பதும் இதில் சேராது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆங்கிலவழியில் படித்ததை நினைத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் பேசுகிறது, அந்தக் கவலை வேண்டாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? விண்ணப்பம் போடும் முன்பே ஒரு தாளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து வரிசையாக, எந்த வருடம் எந்தப் பள்ளி என்று எழுதுங்கள். மாற்றுச் சான்றிதழ் நகல்கள் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்றிலும் தனித்தனியே சான்றிதழ் வாங்க வேண்டும். கடைசிப் பள்ளித் தலைமையாசிரியர் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது, அவரிடம் உங்கள் இரண்டாம் வகுப்புப் பதிவேடு இல்லை. அறிவிக்கையின் பின்னிணைப்பில் உள்ள படிவத்திலேயே வாங்குங்கள். பள்ளியின் லெட்டர்பேடில் ‘இவர் எங்கள் மாணவர், நல்லொழுக்கம் உடையவர்’ என்று எழுதி வாங்கி வருகிறார்கள், அது எதற்கும் உதவாது.

பள்ளி மூடப்பட்டிருந்தால் கைவிட்டுவிட வேண்டாம். பதிவேடுகள் எங்கே ஒப்படைக்கப்பட்டன என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். என் வகுப்பில் படித்த ஒரு தம்பி படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைந்துவிட்டது. பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அந்தத் தலைமையாசிரியருக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்தத் தம்பி முதல்நிலைத் தேர்வு எழுதிய கையோடு இந்த வேலையைத் தொடங்கியிருந்ததால் தப்பித்தார். அழைப்பு வந்த பிறகு தொடங்கியிருந்தால் அந்த மூன்று வாரம் கிடைத்திருக்காது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். திருமணமான பெண்கள் தயவுசெய்து கவனியுங்கள். தேர்வாணையம் கேட்பது தந்தை பெயரில் வாங்கிய சான்றிதழ். குடும்ப அட்டையும் ஆதாரும் கணவர் பெயருக்கு மாறியதால் சாதிச் சான்றிதழையும் ‘க/பெ’ என்று போட்டு வாங்கிவிடுகிறார்கள். சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை. ‘த/பெ’ என்று இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாற்றுச் சான்றிதழையும் அப்பாவின் சாதிச் சான்றிதழையும் வைத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கையெழுத்திடும் அதிகாரியும் முக்கியம். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலும், பட்டியல் வகுப்பினருக்கு வட்டாட்சியர் நிலையிலும் தரப்பட்டிருக்க வேண்டும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழை வட்டாட்சியரிடம் வாங்கி வந்து ஏமாந்த அக்காமார்கள் உண்டு. அதையும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும்.

பெயர், இன்ஷியல் விஷயத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பதையே விண்ணப்பத்திலும் போடுங்கள். பெயரை மாற்றியிருந்தால் அரசிதழ் நகலை வைத்திருங்கள். ஸ்கேன் செய்து பதிவேற்றும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். முத்திரையோ தேதியோ மங்கலாக இருந்தால் திரும்ப எடுங்கள். பிரவுசிங் சென்டரில் கடைசி நாள் இரவு ஏற்றியதில் பாதி தெளிவாக இருப்பதில்லை. பதிவேற்றிய பின் அதைத் திறந்து, நீங்களே படித்துப் பாருங்கள்.

உங்கள் மேல் வழக்கு ஏதாவது இருந்தால், விடுதலையாகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். கல்லூரி மறியலில் போட்ட வழக்குத்தானே என்று மறைத்தால், வழக்கைவிட மறைத்ததே பெரிய பிரச்சினையாகும். முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு நகல் இரண்டையும் கோப்பில் வையுங்கள். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்கள் துறையின் தடையின்மைச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள், அது மேசை மேசையாக நகர்ந்துதான் வரும்.

நேர்முகத் தேர்வுக்கு 100 மதிப்பெண், முதன்மைத் தேர்வுக்கு 750. கோட் சூட், ஆங்கிலப் பேச்சு என்று அந்த 100-க்குப் பதறுகிறவர்கள், குழுவின் கேள்விகள் எங்கிருந்து தொடங்கும் என்று யோசிப்பதில்லை. உங்கள் ஊர், படித்த பாடம், பார்த்த வேலை என்று நீங்களே நிரப்பிய விவரங்களிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும். பி.ஏ. வரலாறு என்று எழுதிவிட்டு, சொந்த மாவட்டத்தின் ஒரு கல்வெட்டைப் பற்றிக்கூடச் சொல்லத் தெரியாமல் போகாதீர்கள். படிப்பு முடிந்து நாலு வருடம் இடைவெளி இருந்தால் அந்த நாலு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். தேர்வுக்குப் படித்தேன், வீட்டில் டியூஷன் எடுத்தேன் என்றால் அதையே சொல்லுங்கள்.

அடுத்த அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிகள் திறந்திருக்கும் ஒரு வேலை நாளில், நீங்கள் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கு முதலில் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ‘தமிழ்’ என்று இருந்தால் மட்டும் விண்ணப்பத்தில் ‘ஆம்’ போடுவதைப் பற்றி யோசியுங்கள்.