பேட்டரியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கிளிப் சார்ஜர்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்களோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா இன்னும் பழைய நோக்கியா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். போனில் சார்ஜர் சொருகும் துளை தேய்ந்துவிட்டதால், கடையில் ஒரு கிளிப் சார்ஜர் வாங்கி, பேட்டரியைக் கழற்றி அதில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டிச் சுவிட்சைப் போட்டவுடனே ‘ஃபுல்’ விளக்கு எரிந்துவிட்டது. போனில் போட்டால் உயிரே இல்லை. ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தும் அதே கதைதான். “பேட்டரி செத்துவிட்டதா, சார்ஜர் டூப்ளிகேட்டா? இதே சார்ஜரில் என் பழைய கேமரா பேட்டரியையும் போடலாமா?” என்பது கேள்வி.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரியும் சாகவில்லை, சார்ஜரும் பழுதில்லை. சார்ஜரில் பேட்டரியைத் தொடும் ஒரு ஊசி மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். அந்த மூன்று மில்லிமீட்டர் என்ன செய்தது என்பதைச் சொல்ல, இந்தச் சார்ஜருக்குள் நடக்கும் ஒரு வேலையைப் பார்த்தாக வேண்டும்.

லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஒரே அளவான மின்னோட்டம் போகும். மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்து நிறுத்தினால், மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். ஓட்டம் கிட்டத்தட்ட நின்றதும் சார்ஜர் ‘ஃபுல்’ என்று சொல்லும். இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரிக்குள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று இந்தச் சார்ஜருக்கு நேராகத் தெரியாது. ஓட்டம் நின்றுவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கிளிப் சார்ஜரில் இரண்டு ஊசிகள் இருக்கும். இரண்டையும் இடமும் வலமும் நகர்த்தலாம். எது பிளஸ், எது மைனஸ் என்று அவற்றில் எழுதியிருக்காது. பேட்டரியை நேராக வைத்தாலும் திருப்பி வைத்தாலும் சரியாகச் சார்ஜ் ஆகும். சார்ஜருக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்று யார் சொன்னது?

பேட்டரிதான் சொன்னது. சார்ஜருக்குள் பிளஸ் கம்பி ஒன்று, மைனஸ் கம்பி ஒன்று. ஒவ்வொரு ஊசியிலிருந்தும் பிளஸ் கம்பிக்கு ஒரு கதவு, மைனஸ் கம்பிக்கு ஒரு கதவு. ஆக மொத்தம் நாலு கதவு. ஒவ்வொரு கதவும் ஒரு டிரான்சிஸ்டர். இடது ஊசியின் கதவுகளைத் திறக்கும் சாவி வலது ஊசியிடம் இருக்கிறது, வலது ஊசியின் சாவி இடது ஊசியிடம் இருக்கிறது. இதுதான் இதன் அழகு. எதிர் ஊசியில் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் இந்த ஊசியின் மைனஸ் கதவு திறக்கும். எதிர் ஊசியில் தாழ்ந்திருந்தால் இந்த ஊசியின் பிளஸ் கதவு திறக்கும்.

இப்போது பேட்டரியின் பிளஸ் இடது ஊசியில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘காலி’ என்று போன் அணைந்துபோன பேட்டரியிலும் மூன்று வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் இடது ஊசியை உயர்த்துகிறது, உடனே வலது ஊசியின் மைனஸ் கதவு திறக்கிறது. வலது ஊசி தாழ்ந்தவுடன் இடது ஊசியின் பிளஸ் கதவு திறக்கிறது. குறுக்காக இரண்டு கதவுகள் திறந்து, மற்ற இரண்டும் மூடியே கிடக்கின்றன. பேட்டரியைத் திருப்பி வைத்தால் அந்த மற்ற இரண்டு திறக்கும். இப்போது வரும் சார்ஜர்களில் இந்த வேலை ஒரே சிறு சிப்புக்குள் நடக்கிறது. பழையவற்றைத் திறந்தால் டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகவே பார்க்கலாம். நூறு, நூற்றைம்பது ரூபாய் பொருள். அரசுப் பள்ளி ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஆளுக்கொன்று வாங்கித் திறந்து காட்டினால், டிரான்சிஸ்டர் பாடத்தை ஒரு பிள்ளையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பேட்டரி சொன்னால்தான் கதவு திறக்கும் என்பதால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சிலிக்கான் டிரான்சிஸ்டர் திறக்கவே ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த பேட்டரி 2.5 வோல்ட் வாக்கில் இறங்கியதும், அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் வெளித்தொடர்பைத் துண்டித்துவிடும். மீட்டர் வைத்தால் சுழியம் அல்லது அதற்குப் பக்கத்தில் காட்டும். அப்படிப்பட்ட பேட்டரியை மாட்டினால் சார்ஜர் எந்தக் கதவையும் திறக்காது.

சரி, விருதுநகர் பேட்டரிக்கு வருவோம். அது பிஎல்-5சி, 3.7 வோல்ட், 1020 மில்லி ஆம்பியர் மணி. அதன் விளிம்பில் மூன்று தங்கநிறப் பொட்டுகள் உண்டு. ஓரங்களில் இருப்பவை பிளஸ், மைனஸ். நடுவில் இருப்பது மின்சாரம் எடுப்பதற்கானது அல்ல. அது உள்ளே ஒரு மின்தடை வழியாக மைனஸோடு சேர்ந்திருக்கிறது. அந்தத் தடையை அளந்துதான் உள்ளே இருப்பது எந்த வகை பேட்டரி என்று போன் தெரிந்துகொள்கிறது. வாசகரின் படத்தில் ஒரு ஊசி பிளஸ்மேல் சரியாக இருக்கிறது. இன்னொன்று நடுப்பொட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் 4.2 வோல்ட்டில் தள்ளுகிறது, பேட்டரி 3.7 வோல்ட்டில் நிற்கிறது, வித்தியாசம் 0.5 வோல்ட். ஓம் விதிப்படி 0.5-ஐ 50,000-ஆல் வகுத்தால் நூறில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். இந்த வேகத்தில் 1020 மில்லி ஆம்பியர் மணியை நிரப்ப ஒரு லட்சத்து இரண்டாயிரம் மணி நேரம், அதாவது பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். சார்ஜரின் பார்வையில் ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லையென்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் மாட்டியவுடன் ‘ஃபுல்’.

ஆகவே உடனே எரியும் ‘ஃபுல்’ விளக்கை நம்ப வேண்டாம். அது உண்மையிலேயே நிரம்பிய பேட்டரியாக இருக்கலாம், ஊசி தவறான பொட்டில் இருக்கலாம், பேட்டரி தொடர்பைத் துண்டித்துக்கொண்டிருக்கலாம். பிரித்தறிய வழி இருக்கிறது. சார்ஜரைச் சுவரில் சொருகும் முன் பேட்டரியை மாட்டுங்கள். பல கிளிப் சார்ஜர்களில் ‘கான்’ அல்லது ‘டெஸ்ட்’ என்று ஒரு விளக்கு, பேட்டரியின் சொந்த மின்சாரத்திலேயே எரியும். பளிச்சென்று எரிந்தால் ஊசிகள் சரியான இடத்தில் இருக்கின்றன. மங்கலாக இருந்தாலோ எரியாவிட்டாலோ ஊசியை நகர்த்திப் பாருங்கள். முதலில் பேட்டரி, அப்புறம் சுவர் என்ற வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான சார்ஜர்களில் 230 வோல்ட்டுக்கும் அந்த ஊசிகளுக்கும் இடையே இருக்கும் காப்பை நான் நம்புவதில்லை. சுவரில் இருக்கும்போது ஊசியைத் தொடாதீர்கள்.

‘புது பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம் வைக்க வேண்டும்’ என்று இன்றைக்கும் கடைகளில் சொல்கிறார்கள். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அப்படி ஒரு தேவையே இல்லை. இந்த மூடநம்பிக்கை எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அதை நம்பித்தான் பலர் பேட்டரியைக் கட்டிலோரம் ராத்திரி முழுக்கச் செருகிவைத்துத் தூங்குகிறார்கள். கிளிப் சார்ஜர் தரும் ஓட்டம் 250 மில்லி ஆம்பியர் வாக்கில் இருந்தால் 1020-க்கு நாலு மணி நேரம், கடைசியில் ஓட்டம் குறையும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து, ஐந்தரை. பகலில், தரையில், கண்ணெதிரே வைத்து முடித்துவிடலாம்.

அடுத்தது கேமரா பேட்டரி. இங்கே ஊசியை விட முக்கியம் பேட்டரிமேல் அச்சடித்திருக்கும் வோல்ட். நாலு கதவுகளும் எது பிளஸ் என்று மட்டுமே கேட்கும், எத்தனை வோல்ட் வேண்டும் என்று கேட்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். 3.6 அல்லது 3.7 என்றிருந்தால் உள்ளே ஒரு செல், 4.2 வோல்ட் சார்ஜர் பொருந்தும். சின்ன பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் இதுதான். 7.2 அல்லது 7.4 என்றிருந்தால் இரண்டு செல் வரிசையாக இருக்கின்றன, 8.4 வோல்ட் சார்ஜர் வேண்டும். வாசகர் அனுப்பிய இரண்டாவது படத்தில் இருந்தது கேனன் எல்பி-இ8, 7.2 வோல்ட். கிளிப் சார்ஜர் அதை நிரப்பவே முடியாது. தாழ்ந்த தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறாது. அதோடு, பேட்டரி தன் ஏழு வோல்ட்டை ஐந்து வோல்ட்டில் இயங்கும் சிப்புக்குள் தள்ளி, சார்ஜரையே கெடுத்துவிடலாம்.

3.8 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரிகளும் உண்டு. கேலக்ஸி எஸ்3, எஸ்4 காலத்துப் போன்களில் வந்தவை அப்படித்தான். அவை 4.35 வோல்ட் வரை ஏறும். 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் முழுதாக நிரம்பாதே தவிர ஆபத்தில்லை. மாற்றிச் செய்வதுதான் ஆபத்து. 4.35 வோல்ட் சார்ஜரில் 3.7 வோல்ட் பேட்டரியைப் போடக் கூடாது. 4.3 வோல்ட் வாக்கில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தடுக்கலாம். ஆனால் அது கடைசிக் காவல், தினமும் அதை நம்பிச் சார்ஜ் செய்ய முடியாது.

கேமரா பேட்டரிகள் பலவற்றில் ‘டி’ என்று குறித்த பொட்டு ஒன்றும் இருக்கும். அது உள்ளே வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடையோடு சேர்ந்தது. கேமராவோடு வந்த சார்ஜர் அதன் மூலம் சூட்டை அளந்துகொண்டே ஓட்டத்தை அனுப்பும். கிளிப் சார்ஜருக்கு அந்தப் பொட்டைத் தொட மூன்றாவது ஊசியே கிடையாது. அதன் வேலையை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். வெதுவெதுப்பு சரி. பிடிக்க முடியாத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையில் சார்ஜ் போடும் முன்பே பாதி தூரம் வந்துவிடும்.

மாட்டும் முன் பேட்டரியைக் கண்ணாடி மேசையில் வாசகரைப் படுக்க வைத்து ஒரு மூலையை விரலால் சுண்டிவிடச் சொன்னேன். தட்டையான பேட்டரி கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். வீங்கிய பேட்டரி பம்பரம் போலச் சுற்றும், ஏனென்றால் அது நடுவில் ஒரே இடத்தில்தான் மேசையைத் தொடுகிறது. அப்பாவின் பிஎல்-5சி சுற்றவில்லை. ஊசியை ஓரப்பொட்டுக்கு நகர்த்தியதும் ‘கான்’ எரிந்திருக்கிறது. ஐந்து மணி இருபது நிமிடத்தில் ‘ஃபுல்’ வந்தது. மீட்டரில் 4.18 வோல்ட். டிராயரில் வாசகர் உபரியாக வைத்திருந்த இன்னொரு பிஎல்-5சி மூன்று சுற்றுச் சுற்றியதாம். அதை மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.